"7 நாட்களுக்குள்" என்றால் எந்த நாளிலிருந்து?

திருகோணமலையில் சேலைக்கடை வைத்திருக்கிறேன். தொலைபேசியில் படம் பார்த்து வாங்குவோருக்குக் கூரியரிலும் அனுப்புகிறேன். முதல் வருடம் எல்லாப் பற்றுச்சீட்டுகளிலும் ஒரே வரியைத்தான் அச்சிட்டிருந்தேன்: "திருப்தி இல்லையேல் 7 நாட்களுக்குள் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்." வாங்குபவர் நம்புவதற்கு அது போதும் என்று நினைத்தேன். அதிலிருந்த ஓட்டைகளை ஒரே ஒரு சேலை காட்டிக்கொடுத்தது.

வவுனியாவிலிருந்து ஒருவர் முதலாம் திகதி 8,500 ரூபாய்க்கு ஒரு சேலை கேட்டார். கூரியருக்கு 450 ரூபாய். ஐந்தாம் திகதி பொதி அவர் கைக்குப் போனது. "நிறம் எனக்குப் பொருந்தவில்லை அண்ணா, திருப்பி அனுப்புகிறேன்" என்று ஒன்பதாம் திகதி செய்தி அனுப்பினார். சேலை பதின்மூன்றாம் திகதி கடைக்கு வந்தது. இப்போது எண்ணிப் பாருங்கள். கேட்ட நாளிலிருந்து அவர் அறிவித்த நாள்வரை எட்டு நாட்கள். பொதி கிடைத்ததிலிருந்து அறிவித்ததுவரை நான்கு நாட்கள். கிடைத்ததிலிருந்து சேலை என் கைக்கு வந்ததுவரை எட்டு நாட்கள். நானும் அவரும் ஆளுக்கொரு கணக்கைச் சொன்னோம், இரண்டுமே அந்த வரிக்குள் அடங்கின. இரு பொருள்படும் வாசகத்தை அதை எழுதியவருக்கு எதிராக எடுத்துக்கொள்வது ஒப்பந்தச் சட்டத்தில் பழைய விதி. ஆகவே, நாளைச் சொல்லாமல் விடுவது விற்பவருக்கு லாபமென்று நினைப்பவர் தவறாக நினைக்கிறார்.

"முழுப் பணம்" என்பதும் அப்படித்தான். அது 8,500 ரூபாயா, 8,950 ரூபாயா? திருப்பி அனுப்பிய கூரியர் கூலி யாருடையது? நான் 8,950 ரூபாயையும் கொடுத்தேன். வரியை எழுதியவன் நான்தானே.

இதைவிடப் பெரிய தவறு, மனம் மாறுவதையும் பொருளில் பழுது இருப்பதையும் ஒரே வாக்கியத்தில் போடுவது. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி எடுப்பது கடைக்காரர் விரும்பித் தரும் சலுகை. அதற்கு அவர் நிபந்தனை வைக்கலாம். இழை அறுந்த சேலையையோ கேட்டதற்கு மாறான சேலையையோ திருப்பி எடுப்பது சலுகையல்ல. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, அவ்வகைப் பொருளை விற்பவரிடம் வாங்கும்போது அது விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லாமலே உள்ள உறுதி. உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருள் பற்றிய முறைப்பாட்டை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை விசாரிக்கலாம். அதனால்தான் "விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற பலகையை நம்பி நிற்காதீர்கள் என்கிறேன். அது வாங்க வருபவரை விரட்டும், முறைப்பாட்டை நிறுத்தாது.

"நிர்வாகத்தின் தீர்மானமே இறுதியானது" என்று முடிப்பதும் பிழை. கொடுத்த வாக்கை அந்த வரி திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. விற்பவருக்குப் பாதுகாப்பு, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய நிபந்தனையில்தான் இருக்கிறது. "நல்ல நிலையில்" என்று எழுதினால் சண்டை வரும். "விலைச்சீட்டு கழற்றாமல், துவைக்காமல், ரவிக்கைத் துண்டு வெட்டாமல்" என்று எழுதினால் இருவரும் ஒன்றையே பார்ப்பார்கள். கல்யாண வீட்டுக்கு உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அதற்காக விலைச்சீட்டை இப்போது முந்தானையின் வெளிப்பக்கத்தில், பிளாஸ்டிக் இழையால் மாட்டுகிறேன். அங்கே தொங்கினால் மறைத்து உடுத்த முடியாது. வெட்டினால் மீண்டும் அதே இழையை மாட்டவும் முடியாது.

இப்போது பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் இருப்பது இது:

"பொதி கிடைத்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் எங்களுக்கு அறிவியுங்கள். அறிவித்து 5 நாட்களுக்குள் கூரியரில் ஒப்படையுங்கள். பழுதான அல்லது மாறி வந்த சேலைக்கு விலையும் இருவழிக் கூரியர் கூலியும் தருவோம். பிடிக்காத சேலைக்கு விலையை மட்டும் தருவோம். பிடிக்காமல் திருப்பும் சேலை விலைச்சீட்டு கழற்றாமல், துவைக்காமல், ரவிக்கைத் துண்டு வெட்டாமல் இருக்கவேண்டும். சேலை எங்களிடம் வந்து 3 வேலை நாட்களில் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்."

அந்த வவுனியாச் சேலைக்கு இதைப் பொருத்தினால், அறிவித்தது நான்காம் நாள், எனவே ஏற்கவேண்டும். திருப்பவேண்டியது 8,500 ரூபாய். அதே சேலை பழுதாக இருந்திருந்தால், திருப்பி அனுப்பவும் 450 ரூபாய் ஆகியிருக்கும் என்று வைத்து, 9,400 ரூபாய். வங்கிக் கணக்கு என்று குறிப்பிடக் காரணம், பொதியை வாங்கும்போது கூரியர்காரரிடம் காசாகக் கொடுத்தவருக்குப் பணம் திரும்பிப்போக வேறு வழி இல்லாததே.

கந்தளாயிலிருந்தும் சேருவிலயிலிருந்தும் வாங்குவோருக்காக இதைச் சிங்களத்திலும் அச்சிட்டேன். முதல் அச்சில் "வேலை நாட்கள்" வெறும் "நாட்கள்" ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்த ஒரு சேலைக்குத் திங்கட்கிழமையே பணம் கேட்டார்கள். அவர்கள் கையிலிருந்த தாளின்படி அது சரி. அன்றே அனுப்பிவிட்டு, மீதித் தாள்களைக் கிழித்து, இரு மொழியும் தெரிந்த ஒருவரிடம் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்தேன்.