பறையைப் பின்தொடர்ந்தபோது

திருப்பாவையின் 30 பாசுரங்களுக்கும் தனித்தனியே சுருக்கம் எழுதினேன். பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டார்: "இது பொழிப்புரை, கருப்பொருள் எங்கே?"

அப்புறம் திரும்பத் திரும்ப வரும் சொற்களை மட்டும் பாசுர எண்ணோடு குறித்தேன். 'பறை' பிடிபட்டது. முதல் பாசுரத்தில் நாராயணன் தரப்போகும் பொருள் அது. 29-இல் "இற்றைப் பறைகொள்வான் அன்றுகாண்" என்று ஆண்டாளே விலக்கி, ஏழேழ் பிறவிக்கும் ஆட்செய்வதைக் கேட்கிறாள். உணவும் அப்படித்தான்: 2-இல் "நெய்யுண்ணோம் பாலுண்ணோம்", 27-இல் முழங்கை வழியும் நெய்யோடு பால்சோறு. நோன்பு முடிந்ததை உவமையே சொல்லிவிடுகிறது என்று எழுதியிருந்தேன். அது உவமை இல்லை, படிமம் என்று திருத்திக்கொண்டேன்.

சமூகச் சூழலில்தான் பெரிதாகச் சறுக்கினேன். ஆய்ப்பாடியை ஆண்டாளின் ஊராகவே எழுதிவிட்டேன். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் வளர்த்த மகள். ஆயர் பெண்ணாகப் பேசுவது அவள் ஏற்ற குரல். இரண்டையும் தனிப் பத்திகளாகப் பிரித்தேன்.