ஃபோர்குளோஷர் லெட்டரில் அசல் இரண்டு தடவை கூட்டப்பட்டிருக்கிறதா? தவணை அட்டவணையோடு ஒப்பிடும் முறை

கடனை முன்கூட்டியே முடிக்கக் கேட்டால், கட்ட வேண்டிய தொகையைச் சொல்லும் ஃபோர்குளோஷர் லெட்டர் கிளையிலிருந்து பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒரு படமாகத்தான் வருகிறது. அடியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். மேலே உள்ள ஐந்தாறு வரிகளைத் தவணை அட்டவணையோடு வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். ஒரு தவணை பாக்கி இருக்கும்போது இதைச் செய்யாமல் விடவே கூடாது. பெரிய தொகை தவறுவது அந்த நிலையில்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர், வீட்டுக் கல்யாணத்துக்காக 3,00,000 ரூபாய் பர்சனல் லோன் எடுத்திருக்கிறார். மாறாத வட்டி 15 சதவீதம், 36 மாதம், தவணை 10,400 ரூபாய். முதல் தவணை 2024 டிசம்பர் 5. பதினோரு தவணை ஒழுங்காகப் போய்விட்டது. 2025 நவம்பர் 5-ந் தேதி பன்னிரண்டாவது தவணை மட்டும், கணக்கில் பணம் இல்லாமல் பவுன்ஸ் ஆகிவிட்டது. அதைக் கட்டுவதற்குள், மொத்தமாக முடித்துவிடலாம் என்று நவம்பர் 20-க்கு லெட்டர் கேட்கிறார். பைபாஸ் ரோடு கிளையிலிருந்து வந்த படத்தில் இப்படி இருக்கிறது:

```
மீதி அசல்                        2,22,102
பாக்கித் தவணை                      10,400
15 நாள் வட்டி                       1,369
அபராதம்                               121
பவுன்ஸ் சார்ஜ்                        500
முன்கூட்டி முடிக்கும் கட்டணம்      10,483
மொத்தம்                          2,44,975
```

படி 1: படத்தில் இருக்கும் எண்ணைச் சரியாகப் படியுங்கள்

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். 1-ம் 7-ம், 3-ம் 8-ம், 5-ம் 6-ம் ஒன்றுபோலத் தெரியும். முடிந்தால் படமாக இல்லாமல் டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதி நீங்களே கூட்டுங்கள்.

மேலே உள்ள அசலை 2,22,702 என்று படித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கூட்டல் 2,45,575 வரும், லெட்டரில் 2,44,975 இருக்கும். வித்தியாசம் 600. ஏழுக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் 6, எனவே நூறு இடத்தில் இருக்கும் 1-ஐ 7 என்று படித்திருக்கிறீர்கள். வித்தியாசம் 5, 50, 500 என்று வந்தால் 3-ஐயும் 8-ஐயும் சந்தேகப்படுங்கள். கூட்டல் அச்சாகப் பொருந்திய பிறகுதான் அடுத்த படி. நாம் தப்பாகப் படித்துவிட்டுக் கிளையில் போய்ச் சண்டை போட்டால், பிறகு சரியான குறையைச் சொன்னாலும் காதில் வாங்க மாட்டார்கள்.

படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எந்தத் தேதி வரை இந்தத் தொகை செல்லும், ஒரு நாள் தள்ளினால் எவ்வளவு கூடும் என்ற இரண்டும் பெரும்பாலும் கடைசி வரிகளில்தான் இருக்கும்.

படி 2: அட்டவணையில் சரியான வரியைப் பிடியுங்கள்

தவணை அட்டவணை கடன் கொடுத்தபோது தந்த காகிதங்களோடு இருக்கும், நிறுவனத்தின் ஆப்பிலும் எடுக்கலாம். கூடவே கணக்கு அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணை என்பது திட்டம், அறிக்கை என்பது நடந்தது. இடையில் பகுதித் தொகை கட்டியிருந்தாலோ வட்டி மாறியிருந்தாலோ பழைய அட்டவணை உதவாது, திருத்திய அட்டவணை கேட்டு வாங்க வேண்டும்.

நம் கணக்கில் பைசாவை விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டு வரிகள் முக்கியம்:

```
தவணை   தேதி         வட்டி    அசல்     மீதி அசல்
11     05-10-2025   2,870    7,530    2,22,102
12     05-11-2025   2,776    7,624    2,14,479
```

வட்டியை நீங்களே போட்டுப் பார்க்க, முந்தைய வரியின் மீதி அசலை ஆண்டு வட்டியால் பெருக்கி 12-ஆல் வகுக்க வேண்டும். கூகுள் ஷீட்டில்:

```
=ROUND(222102*15%/12,0)
```

2,776 வரும். ஓரிரு ரூபாய் முன்பின் இருந்தால் அது பைசாக் கணக்கு, விட்டுவிடுங்கள்.

இப்போது லெட்டரின் அசல் எந்த வரியோடு பொருந்துகிறது? 2,22,102, அதாவது பதினோராவது வரி. பன்னிரண்டாவது கட்டப்படவில்லை என்பதால் அது சரிதான். பன்னிரண்டையும் கட்டியிருந்து, லெட்டரில் இதே எண் இருந்தால், நீங்கள் கட்டிய பணம் இன்னும் வரவு வைக்கப்படவில்லை என்று அர்த்தம். அப்போது பண ரசீதோடு புது லெட்டர் கேளுங்கள்.

படி 3: பாக்கித் தவணைக்குள் என்ன இருக்கிறது

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம். பாக்கித் தவணை 10,400 என்பது வெறும் வட்டி இல்லை. அதற்குள் 7,624 அசல், 2,776 வட்டி. ஆனால் அந்த 7,624, மேல் வரியில் இருக்கும் 2,22,102-க்குள் ஏற்கெனவே இருக்கிறது. அசலையும் முழுதாக எழுதி, தவணையையும் முழுதாக எழுதினால் 7,624 ரூபாயை இரண்டு தடவை கேட்கிறார்கள்.

சரியாக எழுத இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, இனி வரவேண்டிய அசலை மட்டும் எழுதி அதோடு முழுத் தவணையைச் சேர்ப்பது: 2,14,479 + 10,400 = 2,24,879. அல்லது முழு அசலை எழுதி, பாக்கித் தவணையின் வட்டியை மட்டும் சேர்ப்பது: 2,22,102 + 2,776 = 2,24,878. இரண்டும் ஒரு ரூபாய் வித்தியாசத்தில் ஒன்றுதான். லெட்டரில் முதல் இரண்டு வரியின் கூட்டல் 2,32,502. இதில் கூடுதலாக இருப்பது அச்சாக 7,624.

கிளையில் இருப்பவர் "சார், சிஸ்டத்துல வர்றதுதான்" என்பார். அவரோடு வாதாடுவதைவிட, அட்டவணையின் பன்னிரண்டாவது வரியைக் காட்டி "இந்த 7,624 மேலே இருக்கிற 2,22,102-ல இருக்கா இல்லையா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

படி 4: நாள் வட்டியும் அபராதமும்

நவம்பர் 5 முதல் 20 வரை 15 நாள். மீதி அசலுக்கு ஒரு நாளைக்கு 91 ரூபாய் சொச்சம்:

```
=ROUND(222102*15%*15/365,0)
```

1,369, லெட்டரோடு பொருந்துகிறது. 1,460 என்று வந்திருந்தால் 16 நாள் எண்ணியிருக்கிறார்கள்.

அபராதத்துக்கு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 24 சதவீதம், பாக்கித் தொகைக்கு மட்டும் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10,400-க்கு 15 நாளில் 103 ரூபாய். லெட்டரில் 121. இந்த மாதிரி சின்ன வித்தியாசம் வந்தால் 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். 121-ஐ வகுத்தால் 103 வருகிறது, அதாவது அபராதத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி போடும் அபராதத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2025 ஜனவரியில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

அபராதம் ஆயிரக்கணக்கில் வந்திருந்தால், பாக்கித் தொகைக்குப் பதில் முழு அசலுக்கும் கணக்குப் போட்டிருக்கிறார்களா என்று சோதியுங்கள். 2,22,102-க்கு அதே 24 சதவீதத்தில் 15 நாளுக்கு 2,191 வரும், அந்த எண் தெரிந்தால் காரணம் புரிந்துவிடும். அபராதத்தை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடுவதையும் 2023 ஆகஸ்ட் 18 தேதியிட்ட சுற்றறிக்கையிலேயே ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது.

படி 5: கட்டணங்கள்

பவுன்ஸ் சார்ஜுக்கு பாஸ்புக்கைப் பாருங்கள். எத்தனை தடவை ரிட்டர்ன் ஆகியிருக்கிறதோ அத்தனை தடவைதான். தொகையை, கடனின் எல்லாக் கட்டணங்களையும் பட்டியலிடும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்டில் தேடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் புதிய சில்லறைக் கடன்களுக்கு அந்தத் தாள் கட்டாயம். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது.

முன்கூட்டி முடிக்கும் கட்டணத்துக்கு முதலில் வட்டி மாறாததா, மாறுவதா என்று பாருங்கள். தனிநபர் தொழிலுக்கு அல்லாமல் எடுத்த மாறும் வட்டிக் கடனுக்கு இந்தக் கட்டணமே கூடாது. நம்முடையது மாறாத வட்டி, ஒப்பந்தத்தில் 4 சதவீதம். 2,22,102-க்கு 8,884, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,599, மொத்தம் 10,483. கணக்கு சரி.

ஆனால் எந்தத் தொகைக்கு 4 சதவீதம்? பன்னிரண்டாவது தவணையின் அசல் ஏற்கெனவே கெடு முடிந்தது, அதைக் கட்டுவது முன்கூட்டிக் கட்டுவதாகாது. 2,14,479-க்குப் போட்டால் ஜிஎஸ்டியோடு 10,123 வரும், 360 ரூபாய் குறையும். ஒப்பந்தத்தின் வாசகம் எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்தது. கேட்டுப் பார்க்கலாம், ஆனால் படி 3 மாதிரி இது தெளிவான தவறு இல்லை.

படி 6: எழுதிக் கேளுங்கள்

திருத்திய கணக்கு: 2,22,102 + 2,776 + 1,369 + 103 + 500 + 10,483 = 2,37,333. லெட்டரைவிட 7,642 குறைவு, அதாவது 7,624-ம் 18-ம். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. லெட்டர் படத்தையும் அட்டவணையையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள்:

"20-11-2025 லெட்டரில் மீதி அசல் 2,22,102-ல் 12-வது தவணையின் அசல் 7,624 அடங்கியிருக்கிறது. பாக்கித் தவணை 10,400-லும் அதே தொகை வருகிறது. மேலும் அபராதத்தின் மேல் ஜிஎஸ்டி 18 ரூபாய் சேர்க்கப்பட்டுள்ளது. திருத்திய லெட்டரை வரிவாரியாக அனுப்பவும்."

ஒவ்வொரு நாளும் 91 ரூபாய் வட்டி ஓடிக்கொண்டிருப்பதை மறக்காதீர்கள். 7,624-க்காக ஒரு வாரம் காத்திருக்கலாம். தவறு அந்த 18 ரூபாய் மட்டும்தான் என்றால், பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு எழுதுவதுதான் லாபம். எழுதி 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம்.

பணத்தைக் கடன் கணக்குக்கே கட்டுங்கள். லெட்டர் படத்தை அனுப்பியவரின் சொந்த யுபிஐ எண்ணுக்கு வேண்டவே வேண்டாம். கட்டிய ஒரு வாரத்தில் கணக்கு அறிக்கையை மறுபடி எடுத்துக் கடைசி வரியைப் பாருங்கள், மீதி பூஜ்யமாக இருக்க வேண்டும். லெட்டரில் இரண்டு தடவை கூட்டியதை நீங்கள் கவனிக்காமல் கட்டியிருந்தால், அந்த 7,624 அங்கே அதிகப்படி வரவாக நிற்க வாய்ப்பு உண்டு. கேட்டால்தான் திரும்பி வரும்.