மின் விலைப்பட்டியல்: ஐஆர்என் வாங்கிய பிறகு பில்லைத் திருத்தாதீர்கள்

கும்பகோணத்துப் பாத்திரக்கடைகளுக்குக் கணக்கு எழுதிவரும் நான், புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் என் பழைய தவறையே செய்வதைப் பார்க்கிறேன். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்டு முதல் மின் விலைப்பட்டியல் கட்டாயம் என்பதும், பில் விவரத்தை ஐஆர்பி என்னும் பில் பதிவுத் தளத்துக்கு அனுப்பினால் 64 எழுத்துள்ள ஐஆர்என் என்ற பில் அடையாள எண்ணும் கையொப்பமிட்ட கியூஆர் குறியீடும் திரும்பி வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பழைய கியூஆரோடு புதிய பில்

பித்தளைக் குத்துவிளக்குகளைப் பெங்களூருக்கு அனுப்பிய ஒரு பில்லில், வாங்குபவரின் 29 என்று தொடங்கும் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதிலாக, அதே நிறுவனத்தின் சென்னைக் கிளைக்கு உரிய, 33 என்று தொடங்கும் எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் தவறு தெரிந்ததும் கணக்கு மென்பொருளில் எண்ணையும் வரியையும் மாற்றி, அதே ஐஆர்என், அதே கியூஆரோடு அச்சிட்டு அனுப்பினேன்.

கியூஆருக்குள் விற்பவர், வாங்குபவர் எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை, ஐஆர்என் ஆகியவை கையொப்பத்தோடு பூட்டப்பட்டிருப்பதால், நாம் தாளில் எதை மாற்றினாலும் அது மாறாது. அங்கிருந்த கணக்கர் அரசின் சரிபார்ப்புச் செயலியில் ஸ்கேன் செய்தபோது 33தான் வந்தது. பெங்களூர்க் கிளை வாங்கிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையிலும் பில் தெரியவில்லை; எனவே வரித்தொகையைத் தராமல் நிறுத்திவைத்தார்கள். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஏனெனில் அவர்கள் செய்தது சரி.

24 மணி நேரத்துக்குள் கண்டுபிடித்திருந்தால் தளத்திலேயே ரத்து செய்திருக்கலாம்; இ-வே பில் நடப்பில் இருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். அந்த நேரம் கடந்துவிட்டதால், சென்னை எண்ணுக்கு ஒரு கிரெடிட் நோட் போட்டு, அதற்கும் ஐஆர்என் வாங்கி, பிறகு பெங்களூர் எண்ணுக்குப் புதிய பில் எண்ணில், ஐஜிஎஸ்டியோடு வேறு பில் போட்டேன்.

ரத்து செய்த எண்ணையே மீண்டும் அனுப்புதல்

விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கிலிருந்துதான் ஐஆர்என் பிறக்கிறது. வாங்குபவரோ தொகையோ அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே எதைத் திருத்தி அனுப்பினாலும் பில் எண் அதேயானால் ஐஆர்என்னும் அதேதான், தளம் ஏற்காது. புதிய எண் போடுங்கள்.

ஜிஎஸ்டி எண் இல்லாத உள்நாட்டு வாடிக்கையாளரின் பில்

ஐஆர்பிக்கு அனுப்ப வேண்டியதில்லை.

மாதக் கடைசியில் மொத்தமாக ஏற்றுதல்

விற்றுமுதல் 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, 2025 ஏப்ரல் முதல், பில் தேதியிலிருந்து 30 நாள் கடந்தால் தளம் வாங்காது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தக் கெடு இல்லை என்றாலும், ஐஆர்என் இல்லாமல் சரக்கோடு போகும் பில்லைச் சட்டம் பில்லாகவே கருதாது. வண்டி புறப்படும் முன் வாங்கிவிடுங்கள்.