எடிட் செய்த செல்ஃபி: பிள்ளையிடம் பேசும்போது எங்கே தவறுகிறோம்?

என் மகளுக்கு 14 வயது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து செல்ஃபியை எடிட் செய்துகொண்டிருந்தாள். மூக்கைச் சிறிதாக்கும் ஸ்லைடரை இழுப்பாள், பார்ப்பாள், மறுபடி இழுப்பாள். "உனக்கு என்ன குறைச்சல்? இருக்கிறபடியே அழகாத்தானே இருக்கே" என்றேன். "சரிம்மா" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். பேச்சு அதோடு நின்றுபோனது.

பெரும்பாலான பெற்றோர் செய்யும் தவறு இதுதான். படத்தில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று அவள் சொல்கிறாள், நாம் இல்லை என்கிறோம். ஆனால் அந்தப் படத்தில் அது உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. அவள் கண்ணால் பார்த்ததை மறுத்துவிட்டால், அப்புறம் நாம் சொல்லும் எதையும் அவள் நம்பமாட்டாள். படம் ஏன் அப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கினால் பேச்சு நகரும்.

காரணம் தூரம். கையை மடக்கி எடுக்கும்போது போன் முகத்திலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி இருக்கும். மூக்கு நுனி கேமராவுக்கு மிக அருகில், காதுகள் அதைவிடப் பத்துப் பன்னிரண்டு செ.மீ. பின்னால். மொத்தத் தூரமே 30 செ.மீ. என்னும்போது இந்த வித்தியாசம் பெரியது. அதனால் மூக்கு பெருத்தும் காதுகள் ஒடுங்கியும் வரும். ஒன்றரை மீட்டர் தள்ளிப் போனால் அதே வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போகிறது. 2018-இல் அமெரிக்காவில் முக அறுவை மருத்துவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 30 செ.மீ. தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடித் தெரியும் என்பது அவர்கள் கண்டது.

இதை வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல். நாங்கள் ஜன்னல் பக்கம் நின்றோம். முதலில் அவளே ஒரு செல்ஃபி எடுத்தாள். பிறகு நான் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பின்பக்கக் கேமராவில் ஒன்று எடுத்து, முகம் அதே அளவு வரும்படி வெட்டினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், "இதுல மூக்கு நார்மலா இருக்கே" என்று அவளே சொன்னாள்.

கண்ணாடி விஷயமும் உண்டு. நம் முகத்தை நாம் தினமும் பார்ப்பது இடவலம் மாறிய பிம்பமாகத்தான். மற்றவர் எடுத்த படத்தில் அது திரும்பிவிடுவதால் 'என் முகம் கோணலா இருக்கு' என்று தோன்றும். நம்மைத் தினமும் பார்க்கிறவர்களுக்கோ அதுதான் பழகிய முகம்.

அடுத்த தவறு, எடிட்டே கூடாது என்று தடை போடுவது. அப்படிச் சொன்னால் நமக்குத் தெரியாமல் நடக்கும், அவ்வளவுதான். எது பரவாயில்லை என்று நாங்கள் பேசி ஒரு கோடு போட்டோம். வெளிச்சம், நிறச் சமன், படத்தை வெட்டுவது, இரண்டு நாளில் போய்விடும் பரு: இதெல்லாம் சரி. தாடை, மூக்கு, கண் அளவு, தோல் நிறம்: இவற்றைத் தொட வேண்டாம். பருவை அழித்த படத்தைப் பார்த்துவிட்டு, பரு போனபின் கண்ணாடி முன் நின்றால் அதே முகம்தான் இருக்கும். தாடையைச் சுருக்கிய படத்துக்கு ஈடாக எந்தக் கண்ணாடியிலும் ஒரு முகம் கிடைக்காது. எனக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது. சில போன்களில் முன்பக்கக் கேமராவின் பியூட்டி மோடு கேட்காமலேயே தோலை மழமழப்பாக்கும். அதை அமைப்பில் போய்ப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள். இல்லையென்றால், 'எடிட் செய்யாத படம்' என்று பிள்ளை நினைப்பதே எடிட் ஆனதாக இருக்கும்.

இன்னொரு தவறு நம் பக்கம். குடும்பப் படத்தில் என் முகத்தைச் சற்று வெளுப்பாக்கி அனுப்பியிருந்தேன். "நீ மட்டும் பண்ணலாமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தப் படத்தை நீக்கிவிட்டு மூலப் படத்தை அனுப்பினேன். அதைவிட மோசமானது, பிள்ளையின் படத்தை நாமே எடிட் செய்து பகிர்வது. உன் முகம் போதவில்லை என்று வீட்டிலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எல்லாப் பிள்ளைக்கும் இந்தப் பேச்சு மட்டும் போதாது. முகத்தின் ஏதோ ஒரு குறையைப் பற்றிய எண்ணம் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார் அல்லது அறவே தவிர்க்கிறார், அதனால் நண்பர்களையோ பள்ளியையோ ஒதுக்குகிறார் என்றால், அது செல்ஃபிப் பிரச்சினை அல்ல. உடல் தோற்றம் குறித்த மனநலக் கோளாறாக இருக்கலாம். பெரும்பாலும் அது பதின்வயதில்தான் தொடங்குகிறது. அறிவுரையை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடமோ உளவியல் நிபுணரிடமோ அழைத்துப் போங்கள். மூக்கைத் திருத்தும் அறுவையைப் பற்றிப் பிள்ளை கேட்டால், எடிட் செய்த படத்தைக் காட்டித்தான் கேட்கிறாரா என்று கவனியுங்கள்.

என் மகள் இப்போது தோழியிடம் போனைக் கொடுத்து, "நாலு எட்டு தள்ளிப் போய் எடு" என்கிறாள்.