பிரஸ்ஸோடு சேர்ந்து வேலை செய்யக் கேட்டு மெயில் எழுதும் டிசைனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் தனியாக டிசைன் வேலை செய்பவர்கள் பலருக்கு ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸோடு சேர்ந்துகொள்ளும் எண்ணம் உண்டு. பார்ட்டிக்கு டிசைனும் அச்சும் ஒரே இடத்தில் முடிந்துவிடும், நமக்கும் வேலை தொடர்ந்து வரும். எண்ணம் நல்லதுதான். ஆனால் அதைக் கேட்டு அனுப்பும் மெயில்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் வருவதில்லை. பிரஸ் உரிமையாளர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றாகவும், நாம் எழுதுவது வேறாகவும் இருப்பதே காரணம்.

முதலில், அந்த மெயிலை யார் திறக்கிறார்கள் என்று யோசியுங்கள். ஊரில் உள்ள பெரும்பாலான பிரஸ்களில் மெயில் முகவரி என்பது பார்ட்டிகள் ஃபைல் அனுப்பும் இடம். அதை நாள் முழுக்கத் திறந்து வைத்திருப்பவர் டிடிபி ஆபரேட்டர். முதலாளி போனிலும் வாட்ஸ்அப்பிலும் இருப்பார். பொருள் வரியில் ‘கூட்டு முயற்சிக்கான வாய்ப்பு’ என்று போட்டு, முப்பது எம்பி போர்ட்ஃபோலியோவை இணைத்து அனுப்பினால், ஆபரேட்டர் அதை ஏதோ ஜாப் என்று நினைத்து டவுன்லோட் செய்வார், ஜாப் இல்லை என்று தெரிந்ததும் மூடிவிடுவார். பொருள் வரியிலேயே ‘ஜாப் ஃபைல் அல்ல, உரிமையாளர் பார்வைக்கு’ என்று இருக்க வேண்டும். இணைப்பு ஒரே பக்க பிடிஎஃப் போதும்.

அந்த ஆபரேட்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல பிரஸ்களில் டிசைனுக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. அச்சுக் கூலிக்குள்ளேயே ஆபரேட்டர் செய்து கொடுத்துவிடுகிறார். ‘உங்கள் டிசைன்களின் தரத்தை நான் உயர்த்தித் தருகிறேன்’ என்று எழுதுகிறவர், படிக்கிற மனிதரின் வேலையையே குறை சொல்கிறார். அந்த மெயில் முதலாளியிடம் போய்ச் சேருவது கஷ்டம். சேர்ந்தாலும், பத்து வருடமாகக் கூடவே இருக்கும் தன் ஆளை விட்டுக்கொடுத்து முதலாளி பேச மாட்டார். ஆபரேட்டரால் நேரம் ஒதுக்க முடியாத வேலை எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் கேட்பதுதான் சரி.

‘லோகோ, பிரோஷர், பேக்கேஜிங், கல்யாணப் பத்திரிகை எல்லாம் செய்வேன்’ என்று எழுதுவது அடுத்த தவறு. இதைப் படித்து முதலாளி செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஒரே ஒரு வகை வேலையை எடுத்து, அதை அவருடைய மெஷின் கணக்கில் காட்டினால்தான் அவர் நிமிர்ந்து உட்காருவார். ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம்.

ஏற்காட்டில் காபித்தூளும் மிளகும் பாக்கெட் போட்டு விற்கும் சிறு வியாபாரிகள் இருக்கிறார்கள். ரெடிமேட் பவுச் வாங்கி, மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்பது அவர்களுக்குச் சுலபம். ஒருவருக்கு 3,000 ஸ்டிக்கர் தேவை என்று வையுங்கள், அளவு 3×4 அங்குலம். 18×23 அங்குல டெமி தாளில், ப்ளீடும், மெஷின் தாளைப் பிடிக்கும் கிரிப்பர் இடமும் போக, 24 ஸ்டிக்கர் வசதியாக அமரும். அப்படியானால் அவருக்கு வேண்டியது வெறும் 125 தாள். இதற்காக நாலு கலருக்கு நாலு பிளேட் போட்டு, மெஷின் செட் செய்வது கட்டுபடி ஆகாது. பிரஸ் திருப்பி அனுப்பிவிடும், அல்லது வியாபாரி மலைத்துப்போகும் விலையைச் சொல்லும்.

இப்போது நான்கு வியாபாரிகளின் லேபிள்களை நீங்கள் ஒன்றாகச் சேர்த்தால்? ஆளுக்கு ஆறு இடம், ஒரே தாளில் 24. மொத்தம் 12,000 ஸ்டிக்கர், 500 தாள், செட்டிங் வேஸ்ட் தனி. ஒரே செட் பிளேட்டின் செலவு நான்கு பேருக்குப் பிரிகிறது. வியாபாரிகளைத் தேடிப் பிடிப்பதும், நான்கு ஃபைலையும் ஒரே நாளில் தயாராக்குவதும், ஒரே தாளில் அடுக்கிக் கொடுப்பதும் உங்கள் வேலை. பிரஸ்ஸுக்கு இதுவரை கைக்கு வராத வேலை ஒன்று வருகிறது. ஆபரேட்டரின் தட்டிலிருந்து நீங்கள் எதையும் எடுக்கவில்லை.

இதற்கு எல்லைகளும் உண்டு. மெயிலில் அவற்றை மறைக்கக் கூடாது. நான்கு பேருக்கும் ஒரே பேப்பர், ஒரே லேமினேஷன்தான். மெஷினில் மையை நெடுக்குவாக்கில் பகுதி பகுதியாகத்தான் கூட்டிக் குறைக்க முடியும். ஒருவரின் காபி பிரவுனைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினால், தாளில் அவருக்கு நேராக வரும் மற்றவரின் லேபிளும் மாறும். அதனால் ‘திரையில் பார்த்த கலர் அப்படியே வரும்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. ஒருவர் ஒப்புதல் தரத் தாமதித்தால் மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். இவ்வளவையும் நீங்களே முன்வந்து எழுதினால், அச்சு தெரிந்த ஆள் என்று முதலாளி புரிந்துகொள்வார். போர்ட்ஃபோலியோவால் அந்த நம்பிக்கையைக் கொடுக்க முடியாது.

பணத்தைப் பற்றி எழுதும்போது நடக்கும் தவறு, ‘லாபத்தில் இவ்வளவு சதவீதம்’ என்று கேட்பது. லாபத்தைக் கணக்கிட வேண்டுமென்றால் அவர் பேப்பர் வாங்கிய விலை, கூலி, கரண்ட் பில் எல்லாவற்றையும் உங்களிடம் காட்ட வேண்டும். முகம் தெரியாத ஒருவருக்கு யாரும் அதைக் காட்ட மாட்டார்கள். லாபத்தைப் பங்கு போடுவது என்று வந்தால் 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டமும் அவர் நினைவுக்கு வரும். அதன்படி கூட்டு நிறுவனத்தின் பெயரில் ஒரு பங்குதாரர் செய்வது மற்றவரையும் கட்டுப்படுத்தும், கடனும் இருவர் தலையிலும் விழும். லாபத்தில் பங்கு வாங்குவதாலேயே ஒருவர் பங்குதாரர் ஆகிவிட மாட்டார் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் மெயிலைப் படிக்கும் ஐந்து நிமிடத்தில் இதை யாரும் ஆராய மாட்டார்கள், ‘ஆடிட்டரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். டிசைன் கட்டணத்துக்கு உங்கள் பில், அச்சுக்கு அவர் பில் என்று பிரித்து எழுதுங்கள். யார் பணத்துக்கும் யாரும் பொறுப்பில்லை. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர் என்றால் உங்கள் பில்லில் ஜிஎஸ்டி போட முடியாது, அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

என் பார்வையில் எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, தப்பு நடந்தால் நஷ்டம் யாருடையது என்று எழுதாமல் விடுவது. பிரஸ் நடத்துகிறவர்களுக்கு இதுதான் நிஜமான பயம். 500 தாள் ஓடி, லேமினேஷன் முடிந்து, கட்டிங் ஆன பிறகு ஒரு எழுத்துப் பிழை தெரிந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான் போகும். காபி லேபிளில் இதற்கு இடம் அதிகம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், சைவப் பொருளுக்கான பச்சைக் குறி, நிகர எடை, அதிகபட்ச விலை, பாக்கெட் போட்டவர் முகவரி, புகாருக்கான போன் எண் என்று பட்டியல் நீளும். சிக்கரி கலந்த தூள் என்றால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று லேபிளில் கட்டாயம் போட வேண்டும். காபி 51 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. வியாபாரி இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்புவார். ஒன்று விட்டுப்போனால் வியாபாரி பிரஸ்ஸைத்தான் திட்டுவார்.

தேதி விஷயத்தையும் கவனியுங்கள். பாக்கெட் போட்ட தேதியும் பேட்ச் எண்ணும் ஒவ்வொரு முறையும் மாறுவதால் அவற்றை அச்சடிக்க முடியாது, முத்திரை குத்தத்தான் இடம் விட வேண்டும். பளபள லேமினேஷன் மேல் சாதாரண ஸ்டாம்ப் மை ஒட்டாது, விரல் பட்டாலே அழிந்துவிடும். ஆக, லேமினேஷன் வேண்டுமா, வேண்டாமா, எந்த மையில் குத்தப் போகிறார்கள் என்பதை டிசைன் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். சின்ன எழுத்துகளை நான்கு கலரும் கலந்த கருப்பில் விட்டால், தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். அவை தனிக் கருப்பில் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துருவை அவுட்லைன் ஆக்காமல் அனுப்பினால், பிரஸ் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இவை ஃபைலின் தவறுகள், பொறுப்பு உங்களுடையது. கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராதது, கட்டிங் விலகியது போன்றவை பிரஸ்ஸின் பொறுப்பு. இந்தக் கோட்டை மெயிலிலேயே போட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் மனதில் வைத்து எழுதினால் மெயில் கிட்டத்தட்ட இப்படி வரும்:

பொருள்: ஏற்காடு காபி, மிளகு லேபிள்கள் – உரிமையாளர் பார்வைக்கு (ஜாப் ஃபைல் அல்ல)

ஐயா, வணக்கம்.

அஸ்தம்பட்டியில் தனியாக டிசைன் வேலை செய்கிறேன். உங்கள் பிரஸ்ஸில் அச்சான ஸ்வீட் பாக்ஸை ஒரு கடையில் பார்த்தேன், கட்டிங் சுத்தமாக இருந்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏற்காட்டில் நான்கு வியாபாரிகளுக்கு ஆளுக்கு 3,000 ஸ்டிக்கர் தேவைப்படுகிறது. தனித்தனியாகப் போட்டால் கட்டுபடி ஆகாது. நான்கையும் ஒரே டெமி தாளில் 24 ஆக அடுக்கித் தருகிறேன், 500 தாள் ஓட்டினால் போதும். ஒரே பேப்பர், ஒரே லேமினேஷன். கலர் சற்று முன்பின் இருக்கும் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

டிசைன் கட்டணத்தை நானே தனி பில்லில் வாங்கிக்கொள்கிறேன். நான் ஜிஎஸ்டி பதிவு செய்யவில்லை. அச்சுக்கான பில் உங்களுடையது. உங்களுக்கு அட்வான்ஸ் வந்த பிறகு பிளேட் போட்டால் போதும். ப்ரூஃபில் வியாபாரியின் கையெழுத்து வாங்கித் தருவேன். ஃபைலில் தவறு என்றால் பிளேட், பேப்பர் செலவு என்னுடையது. அச்சிலோ கட்டிங்கிலோ தவறு என்றால் உங்கள் பொறுப்பு.

உங்கள் பார்ட்டி யாரையும் வேறு பிரஸ்ஸுக்கு அழைத்துப் போக மாட்டேன். மறு அச்சுக்கான ஃபைல் உங்களிடமும் ஒரு பிரதி இருக்கும்.

இந்த ஒரு ஜாப் செய்து பார்க்கலாமா? தாள் அடுக்கின் மாதிரி இணைப்பில் இருக்கிறது. வியாழன் மதியத்துக்கு மேல் நேரில் வரட்டுமா?

கடைசிக்கு முந்தைய பத்தியைப் பலரும் எழுத மறக்கிறார்கள். பார்ட்டி யாருக்குச் சொந்தம், ஓப்பன் ஃபைல் யாரிடம் இருக்கும் என்பதில்தான் பின்னாளில் மனக்கசப்பு வருகிறது. ஓப்பன் ஃபைலைத் தர விருப்பமில்லை என்றால், அச்சுக்குத் தயாரான பிடிஎஃப் மட்டும் தருவேன் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

அனுப்பும் நேரமும் முக்கியம். கல்யாணப் பத்திரிகை அதிகம் அடிக்கும் பிரஸ்ஸுக்கு ஆடியில் எழுதினால் படிக்க நேரம் இருக்கும், முகூர்த்த மாதங்களில் இருக்காது. ஆனால் கோயில் நோட்டீஸும் போஸ்டரும் அடிக்கும் பிரஸ் என்றால் கணக்கு தலைகீழ். சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை ஆடியில்தான் வருகிறது, அப்போது அந்தப் பிரஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. காலண்டர், டைரி போடும் இடங்களை ஐப்பசி முதல் மார்கழி பாதி வரை தொந்தரவு செய்யாதீர்கள்.

இரண்டு நாளில் பதில் வராவிட்டால் அதே மெயிலை மறுபடி அனுப்ப வேண்டாம். போன் செய்து, மெயில் அனுப்பியதைச் சொல்லி, எப்போது வரலாம் என்று கேளுங்கள். போகும்போது அந்தத் தாள் அடுக்கை 18×23 அளவிலேயே பிரிண்ட் எடுத்துக் கொண்டு போங்கள், முதலில் ஆபரேட்டரிடம் காட்டி, கிரிப்பர் இடம் போதுமா என்று கேளுங்கள்.