திரவத்தில் குளிரும் பேட்டரி, காற்றில் குளிரும் பேட்டரி: எங்கே தவறுகிறோம்?

மின்சார ஸ்கூட்டர் வாங்க நினைக்கும் திருவொற்றியூர்க்காரர்கள் பலர், திரவத்தால் குளிர்விக்கப்படும் பேட்டரி என்றால் கத்திரி வெயிலிலும் அது சில்லென்று இருக்கும் என்று நம்புகிறார்கள். முதல் தவறு இதுதான். திரவம் வெப்பத்தை விழுங்கிவிடுவதில்லை. செல்களிடமிருந்து வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. ரேடியேட்டர் அதை வெளிக்காற்றுக்குக் கொடுக்கிறது. ஏ.சி.யில் இருப்பதுபோன்ற கம்ப்ரசர் இல்லாதவரை, வெளியே 38 டிகிரி என்றால் எந்த முறையாலும் பேட்டரியை அதற்குக் கீழே இறக்க முடியாது. திரவம் வெப்பத்தை வேகமாக வெளியேற்றும், எல்லாச் செல்களையும் ஏறத்தாழ ஒரே சூட்டில் வைத்திருக்கும். அதன் பலன் அவ்வளவுதான்.

அடுத்த தவறு, ஓட்டும்போதுதான் பேட்டரி மிகவும் சூடாகிறது என்று எண்ணுவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 51 வோல்ட், 50 ஆம்பியர்-மணி பேட்டரி; எடை 20 கிலோ, உள்மின்தடை 50 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு நிதானமாகப் போனால் சராசரியாக 30 ஆம்பியர் ஓடும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் 45 வாட் வெப்பம். அரை மணி நேரப் பயணத்தில், வெப்பம் துளியும் வெளியேறாவிட்டாலும்கூட, சூடு 4 டிகிரிதான் ஏறும். உண்மையில் எதிர்காற்று படுவதால் அதுவும் குறையும். இதற்குப் பம்ப்பும் ரேடியேட்டரும் தேவையில்லை.

அதே பேட்டரியை ஒரு மணி நேரத்தில் நிரப்ப 50 ஆம்பியர் கொடுத்தால் கதை மாறுகிறது. வெப்பம் 125 வாட்; வண்டி நிற்பதால் காற்றோட்டமும் இல்லை. அரை சதுர மீட்டர் பரப்புள்ள பெட்டி, அசையாத காற்றில் ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் சுமார் 4 வாட்தான் வெளியேற்றும். 38 டிகிரியில் தொடங்கினால் ஒரு மணி நேர முடிவில் 53 டிகிரியைத் தொடும். லித்தியம் செல்கள் பெரும்பாலானவற்றுக்குச் சார்ஜ் செய்யும்போது 45 டிகிரியே எல்லை. ஆகவே பேட்டரியைக் கண்காணிக்கும் சுற்று நடுவிலேயே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும், அல்லது நிறுத்திவிடும். திரவக் குளிரூட்டல் தன் விலைக்கு ஈடாகும் இடம் இதுதான். இரவில் வீட்டில் 12 ஆம்பியரில் சார்ஜ் செய்பவருக்கு உண்டாவது 7 வாட் மட்டுமே. அவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. பகலில் இரண்டு முறை வேக சார்ஜ் ஏற்றி மணலிக்கும் ராயபுரத்துக்கும் பார்சல் கொண்டுபோகிறவருக்குப் பொருள் உண்டு.

வெயிலில் நிறுத்திய வண்டியைப் பத்து நிமிடம் நிழலில் ஆறவிட்டால் போதும் என்பதும் தப்புக்கணக்கு. 20 கிலோ எடை அவ்வளவு சீக்கிரம் ஆறாது. மேற்சொன்ன பெட்டிக்கு, வெளிக்காற்றைவிடக் கூடுதலாக உள்ள சூட்டில் பாதி குறையவே ஒரு மணி நேரம் ஆகும்.

காற்றில் குளிர்வது என்றவுடன் செல்களின்மேல் காற்று படவேண்டும் என்று சிலர் பெட்டியில் துளை போடுகிறார்கள். இதைவிடக் கெடுதல் வேறில்லை. செல்லின் வெப்பம், இடையில் வைத்த வெப்பங்கடத்தும் பட்டை வழியாக அலுமினிய உறைக்கு வருகிறது. உறையின் வெளிப்புறத்தில்தான் காற்றுக்கு வேலை. துளை வழியே காசிமேட்டு உப்புக்காற்று நுழைந்தால் இணைப்புகள் அரிக்கும். மழைநீர் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. செய்யவேண்டியது உறையின் மடிப்புகளில் அடைந்த புழுதியை ஈரத்துணியால் துடைப்பது. கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையில் அந்தப் புழுதிக்குப் பஞ்சமில்லை. உறையைச் சுற்றி ஸ்பாஞ்சு, ரப்பர் விரிப்பு எதையும் திணிக்கவும் கூடாது.

திரவ முறையில் கூலன்ட் குறைந்தால் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். கடலோரத்து உவர்நீர் அலுமினியத் தகட்டை அரிக்கும். கசிந்தால் மின்சாரத்தையும் கடத்தும். இங்கே தண்ணீர் உறையாது, பிறகு உறைவதைத் தடுக்கும் கிளைக்கால் கலவை கூலன்டில் எதற்கு என்று கேட்கலாம். நமக்கு வேண்டியது அதில் சேர்த்திருக்கும் அரிப்புத்தடுப்பான்.

செயலியில் அதிகபட்ச, குறைந்தபட்சச் செல் வெப்பநிலை தெரிந்தால் இரண்டின் வேறுபாட்டைக் கவனியுங்கள். திரவம் ஓடும் பேட்டரியில் அது 5 டிகிரியைத் தாண்டியே நின்றால் பம்ப் ஓடவில்லை, அல்லது குழாயில் காற்று சிக்கியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். காற்றில் குளிரும் பேட்டரியில் நடுச் செல்கள் கொஞ்சம் சூடாக இருப்பது இயல்பு. ஆனால் அதே வழி, அதே சுமை என்றிருக்கும்போது வேறுபாடு மாதத்துக்கு மாதம் கூடினால், பட்டை விலகியிருக்கலாம் அல்லது ஒரு செல்லின் உள்மின்தடை ஏறியிருக்கலாம். வாரண்டி முடிவதற்குள் சர்வீஸ் மையத்தில் அந்த எண்களைக் காட்டிவிடுங்கள்.