கேன்டீன் உணவில் எது பிழை? மில்லின் ஒற்றுமை முறையும் வேற்றுமை முறையும் படிப்படியாக

பள்ளி கேன்டீனில் மதியம் சாப்பிட்ட பிள்ளைகளில் பலர் மாலைக்குள் வாந்தி எடுக்கத் தொடங்கினால், "என்ன சாப்பிட்டாய்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வியை யாரிடமெல்லாம் கேட்க வேண்டும், கிடைத்த பதில்களை எப்படி ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும் என்பதில்தான் விசாரணை தேறுவதும் தவறுவதும் இருக்கிறது. ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தமது அளவையியல் நூலில் இதற்கென்று சில முறைகளை வகுத்துத் தந்தார். அவற்றுள் ஒற்றுமை முறை, வேற்றுமை முறை ஆகிய இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, விளக்கத்துக்காக நான் அமைத்த ஒரு கேன்டீன் நிகழ்வில் அவற்றைப் பயன்படுத்திப் பார்ப்போம்.

நிகழ்வு இது. மதியம் 1 மணிக்கு உணவு இடைவேளை. 3 மணி முதல் 5 மணிக்குள் பல மாணவர்களுக்குக் குமட்டலும் தொடர்ந்து வாந்தியும் ஏற்படுகின்றன. சிலருக்கு வயிற்று வலி இருக்கிறது. காய்ச்சல் ஏறக்குறைய யாருக்கும் இல்லை.

படி 1: யாரை நோயாளி என்று கொள்வது?

ஒப்பிடத் தொடங்கும் முன், நாம் காரணம் தேடும் விளைவு எது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நம் நிகழ்வில் அது இப்படி இருக்கலாம்: "அன்று மதியம் 1 மணிக்குப் பிறகு, இரவு 9 மணிக்குள், குறைந்தது இரண்டு முறை வாந்தி எடுத்த மாணவர்." இப்படி வரையறுக்காவிட்டால், காலையிலிருந்தே தலைவலியோடு இருந்தவரும், பக்கத்தில் இருந்தவர் வாந்தி எடுத்ததைப் பார்த்துக் குமட்டியவரும் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் சாப்பிட்டவையும் கணக்கில் கலந்து, உண்மையான பொது அம்சத்தை மறைத்துவிடும்.

படி 2: எந்த நேரத்து உணவுகளைப் பட்டியலிடுவது?

பலருக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், உண்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கியிருப்பது ஒரு முக்கியமான குறிப்பு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் உணவிலேயே நச்சுப்பொருளைச் சுரந்து வைத்துவிடுவதால், அந்த உணவை உண்டவருக்கு அரை மணி முதல் எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். சால்மோனெல்லா அப்படியன்று, அது குடலுக்குள் சென்று பெருக வேண்டியிருப்பதால் ஆறு மணி நேரம் முதல் சில நாட்கள் வரை எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் உடன் வரும். ஆகவே நம் நிகழ்வில் அன்றைய காலை முதல் மதியம் வரை உண்டவற்றைக் கேட்டால் போதும். நோய்க்குறிகள் வேறாக இருந்திருந்தால் முந்தைய மூன்று நாள் உணவையும் கேட்க வேண்டியிருக்கும். பட்டியலில் இடம்பெறாத ஒன்றை இந்த இரண்டு முறைகளாலும் கண்டுபிடிக்க முடியாது என்பதால், இந்தப் படியில் அவசரப்படக் கூடாது.

படி 3: ஒற்றுமை முறை

ஒரு விளைவு நிகழ்ந்த பல சந்தர்ப்பங்கள் மற்ற எல்லாவற்றிலும் வேறுபட்டு, ஒரே ஓர் அம்சத்தில் மட்டும் ஒத்திருந்தால், அந்த அம்சமே விளைவோடு தொடர்புடையதாக இருக்கக்கூடும் என்பதே ஒற்றுமை முறை. நோயுற்றவர்களில் நால்வரின் பதில்களைப் பார்ப்போம்.

| நோயுற்றவர் | சாதம் | தொட்டுக்கொள்ள | பானம் | கேன்டீன் தண்ணீர் |
|---|---|---|---|---|
| மாணவர் 1 | எலுமிச்சை சாதம் | உருளைக்கிழங்கு வறுவல் | ரோஸ்மில்க் | குடித்தார் |
| மாணவர் 2 | தக்காளி சாதம் | அவித்த முட்டை | ரோஸ்மில்க் | குடித்தார் |
| மாணவர் 3 | தயிர் சாதம் | ஊறுகாய் | ரோஸ்மில்க் | குடித்தார் |
| மாணவர் 4 | வீட்டுச் சாப்பாடு | வீட்டுப் பொரியல் | ரோஸ்மில்க் | குடித்தார் |

இந்த அட்டவணையில் நமக்கு மிகவும் உதவுபவர் நான்காம் மாணவர். கேன்டீனில் சமைத்த எதையும் அவர் உண்ணவில்லை, இருந்தும் நோயுற்றார். மற்றவர்களிடமிருந்து அதிகம் வேறுபடும் நோயாளி ஒருவரைக் கண்டுபிடித்தால், ஒரே அடியில் பல பொருள்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். எனவே ஒரே மேசையில் அமர்ந்து ஒரே மாதிரி உண்ட பத்து நண்பர்களைக் கேட்பதைவிட, வெவ்வேறு வகுப்புகளிலிருந்து வெவ்வேறு உணவு உண்ட நான்கு பேரைக் கேட்பது நல்லது.

எல்லோருக்கும் பொதுவாக எஞ்சுபவை ரோஸ்மில்க்கும் தண்ணீரும். இந்த இரண்டில் எது என்பதை ஒற்றுமை முறையால் சொல்ல முடியாது. நோயுற்றவர்கள் இன்னும் நூறு பேரைக் கேட்டாலும், அனைவரும் இரண்டையும் குடித்திருந்தால் நிலைமை மாறாது. பல விசாரணைகள் இங்கேயே நின்று, தண்ணீர்த் தொட்டியின் மீது பழியைப் போட்டுவிட்டு முடிந்துபோகின்றன.

படி 4: நோயுறாதவர்களிடம் கேளுங்கள்

விளைவு நிகழ்ந்த ஒரு சந்தர்ப்பமும் நிகழாத ஒரு சந்தர்ப்பமும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்தால், அந்த ஒன்றே காரணம், அல்லது காரணத்தின் இன்றியமையாத பகுதி. இது வேற்றுமை முறை. இதைச் செய்ய நலமாக இருப்பவர்களின் பதில்கள் தேவை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களை மட்டும் கேட்டுவிட்டு வருபவரிடம் அந்தப் பதில்கள் இருக்காது.

| நலமாக இருப்பவர் | சாதம் | தொட்டுக்கொள்ள | பானம் | கேன்டீன் தண்ணீர் |
|---|---|---|---|---|
| மாணவர் 5 | எலுமிச்சை சாதம் | உருளைக்கிழங்கு வறுவல் | இல்லை | குடித்தார் |
| மாணவர் 6 | தயிர் சாதம் | அவித்த முட்டை | இல்லை | குடித்தார் |
| மாணவர் 7 | தக்காளி சாதம் | அவித்த முட்டை | ரோஸ்மில்க் | குடித்தார் |

முதலாம் மாணவரையும் ஐந்தாம் மாணவரையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சாதம், வறுவல், தண்ணீர் எல்லாம் ஒன்றே. முதலாமவர் ரோஸ்மில்க் குடித்தார், ஐந்தாமவர் குடிக்கவில்லை. தண்ணீர் குடித்தும் நலமாக இருக்கும் ஐந்தாம், ஆறாம் மாணவர்களால் தண்ணீர் மீதான சந்தேகம் பெரும்பாலும் நீங்குகிறது. வேற்றுமை முறைக்கு எல்லோரையும் ஒப்பிட வேண்டியதில்லை. ஒரே ஓர் அம்சத்தில் மட்டும் வேறுபடும் ஒரு சோடி கிடைத்தாலே அது வலுவான சான்று. அப்படிப்பட்ட சோடி கிடைப்பது அரிது என்பதால், உடன்பிறந்தவர்களையும் எப்போதும் ஒன்றாக வாங்கி உண்ணும் நண்பர்களையும் தேடிப் பிடித்துக் கேட்பது பயன் தரும்.

படி 5: ஒத்துவராத மாணவர்

ஏழாம் மாணவர் ரோஸ்மில்க் குடித்தும் நலமாக இருக்கிறார். "அவருக்கு உடல் வலு அதிகம்" என்று சொல்லி அவரை ஒதுக்கிவிடத் தோன்றும். அது தவறு. நாம் 'ரோஸ்மில்க்' என்று ஒரே பெயரில் எழுதியது உண்மையில் இரண்டு வேறு பொருள்களாக இருக்கலாம் என்பதை அவர் நமக்குக் காட்டுகிறார்.

கேன்டீனில் விசாரிக்கும்போது தெரிய வருவது இது: காலை 7 மணிக்கு ஒரே பாலில், ஒரே சிரப்பில் கலந்து இரண்டு கேன்களில் ஊற்றினார்கள். ஒரு கேன் ஃபிரிட்ஜில் இருந்தது. அது முதல் கவுன்டரில் விற்பனையானது. ஃபிரிட்ஜில் இடமில்லாததால் மற்றொன்று சமையலறை மேசையிலேயே மதியம் வரை இருந்தது. அதில் விற்கும் நேரத்தில் ஐஸ் போட்டு இரண்டாம் கவுன்டரில் விற்றார்கள். ஏழாம் மாணவர் வாங்கியது முதல் கவுன்டரில். நோயுற்ற நால்வரும் வாங்கியது இரண்டாம் கவுன்டரில்.

இப்போது வேற்றுமை முறையை மாணவர்களை விட்டுவிட்டுக் கேன்களுக்குப் பயன்படுத்துகிறோம். பாலும் சிரப்பும் கலந்த நேரமும் ஒன்றே. ஆனால் வேறுபாடு ஒன்று அல்ல, இரண்டு: ஆறு மணி நேரம் வெளியில் இருந்தது, ஐஸ் போட்டது. வேற்றுமை முறை இங்கே நின்றுவிடுகிறது. ஒரே ஒரு வேறுபாடு எஞ்சும் வரை அது தீர்ப்பு தராது. எனவே இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒருவரைத் தேட வேண்டும். சளி பிடித்திருந்ததால், கேனில் ஐஸ் போடும் முன்பே இரண்டாம் கவுன்டரில் வாங்கிக் குடித்த மாணவி ஒருவர் கிடைக்கிறார். அவரும் வாந்தி எடுத்திருக்கிறார். ஐஸ் விலகுகிறது, வெளியில் கிடந்த ஆறு மணி நேரம் எஞ்சுகிறது.

படி 6: எண்ணிக்கைக்கு மாறும் இடம்

உண்மை நிகழ்வுகள் நான் அமைத்ததைப் போல் இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. 1940 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ மாவட்டத்தில் நடந்த தேவாலய விருந்து ஒன்றின் தரவு இன்றும் நோய்ப்பரவலியல் மாணவர்களுக்குப் பாடமாக உள்ளது. விருந்துக்கு வந்தவர்களில் 75 பேரை விசாரித்தார்கள். 46 பேர் நோயுற்றிருந்தார்கள். வெனிலா ஐஸ்கிரீம் உண்ட 54 பேரில் 43 பேருக்கு நோய் வந்தது. உண்ணாத 21 பேரில் 3 பேருக்கும் வந்தது. மில்லின் முறைகளை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால், உண்ணாமலே நோயுற்ற அந்த மூவரை வைத்து ஐஸ்கிரீமை விடுவித்துவிட வேண்டும். உண்டும் தப்பிய 11 பேரும் அதற்குச் சாதகமாகவே நிற்பார்கள். ஆனால் மனிதர்கள் உண்டதை மறப்பார்கள், ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்துக்கும் போகும், ஒருவர் ஒரு வாய் உண்டிருப்பார், வேறு காரணத்தாலும் வாந்தி வரும். எனவே 'எல்லோரும்', 'ஒருவரும் இல்லை' என்ற சொற்களுக்குப் பதிலாக விகிதங்களை ஒப்பிடுகிறோம்: உண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர், உண்ணாதவர்களில் 14 பேர். ஒவ்வோர் உணவுக்கும் இப்படிக் கணக்கிட்டு, இந்த இடைவெளி எதில் மிக அதிகமோ அதையே முதல் சந்தேகப் பொருளாகக் கொள்கிறோம். மில்லின் தர்க்கம் மாறவில்லை. விதிவிலக்கைத் தாங்கும் வடிவத்தில் அது வந்திருக்கிறது.

படி 7: கிடைத்த விடை எதைச் சொல்லவில்லை?

நம் கேன்டீனில் 'மேசையில் கிடந்த ஆறு மணி நேரம்' என்பதே இரண்டு கேன்களுக்கும் இடையிலான வேறுபாடு. ஆனால் வெறும் வெப்பம் பாலில் பாக்டீரியாவை உண்டாக்காது. கலந்தவரின் கையிலிருந்த புண்ணிலிருந்தோ, கழுவாத கரண்டியிலிருந்தோ கிருமி முதலில் பாலுக்குள் சென்றிருக்க வேண்டும். அது இரண்டு கேன்களிலும் சமமாகச் சென்றிருக்கலாம். ஃபிரிட்ஜில் இருந்ததில் பெருக முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டிலும் பொதுவாக இருக்கும் எதையும் வேற்றுமை முறை காட்டாது. காரணம் என்பது விளைவுக்குத் தேவையான எல்லா நிலைமைகளின் மொத்தம் என்று மில்லே எழுதியிருக்கிறார். எனவே ஃபிரிட்ஜில் இடம் ஒதுக்குவதோடு நின்றுவிடாமல், கலந்தவரின் கைகளையும் பார்க்க வேண்டும். அவரைக் குற்றவாளியாக நிறுத்துவதற்காக அன்று, அடுத்த நாளும் அவரே பால் கலப்பார் என்பதற்காக.

கடைசியாக ஆய்வகம். இரண்டு கேன்களிலும் மிஞ்சியதைக் கொட்டிவிடாமல், தனித்தனிச் சுத்தமான பாட்டில்களில் எடுத்து, எந்தக் கேன், எடுத்த நேரம் ஆகியவற்றை எழுதிக் குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். அனுப்பும்போது பாக்டீரியாவை மட்டுமல்லாமல் நச்சுப்பொருளையும் சோதிக்கும்படி கேட்பது அவசியம். யாராவது மிஞ்சிய பாலைக் காய்ச்சிவிட்டிருந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் இறந்திருக்கும், அதனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் எதுவும் தென்படாது. அது சுரந்த நச்சு கொதிக்கும் வெப்பத்தையும் தாங்கி அந்தப் பாலிலேயே இருக்கும்.